ரொக்கப் புத்தகம் இனி மேசை மேல்: 2021 அக்டோபரில், ஊராட்சி மன்றத்தின் முதல் கூட்டத்தில் தலைவர் பேசியது

துணைத் தலைவர் அண்ணாச்சி, வார்டு உறுப்பினர்கள், செயலர் தம்பி, மோட்டார் போடுகிற அண்ணாச்சி, தூய்மைக் காவலர் அக்காமார், வராண்டாவிலும் வேப்பமரத்தடியிலும் நிற்கிற ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

20ஆம் தேதி உறுதிமொழி வாசித்தபோது என் கை நடுங்கியதை முன்னால் இருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கும் கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது. அதனால் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்தே பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வீட்டு விஷயம். எங்கள் வீட்டுக்காரர் அதோ பைக் பக்கத்தில் நிற்கிறார். உள்ளே வரமாட்டார். எங்களுக்குள் சண்டை என்று யாரும் கதை கட்ட வேண்டாம், காலையில் சேர்ந்துதான் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆனால் பெண்ணுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்தில் அவள் புருஷனைத் தலைவர் என்று கூப்பிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கையெழுத்து ஒருத்தி போட்டு, முடிவை இன்னொருத்தர் எடுத்தால், நாளைக்குத் தப்பு நடக்கும்போது யார் சட்டையைப் பிடிப்பீர்கள்? என்னைத்தான் கேட்க வேண்டும். கேட்கிற இடத்தில் நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பணம் பட்டுவாடாவுக்கான டிஜிட்டல் கையெழுத்துச் சாவி என்னுடையது என் வீட்டு பீரோவில் இருக்கும், துணைத் தலைவருடையது அவரிடம் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே மேசை டிராயரில் கிடக்காது. செயலர் தம்பி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது உங்களுக்கும் பாதுகாப்பு.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றினேன். பீடிக்கடையில் ஆயிரம் பீடி கொடுத்தால் அதில் கழிவு என்று ஒரு கைப்பிடியை ஒதுக்குவார்கள். எத்தனை கழிவு என்று நாம் எண்ண முடியாது, அவர் சொல்வதுதான் எண்ணிக்கை. பாஸ்புத்தகத்தில் அவர் எழுதுவார், நாம் தலையாட்டுவோம். கணக்கு தெரியாதவள் ஏமாறுகிறாள் என்பார்கள். எனக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். எண்ணிப் பார்க்க விடவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் மகளிர் குழுவில் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர். வாரம் ஒரு நாள் பாயில் நோட்டை விரித்துப் போட்டு, யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு கடன், வட்டி எவ்வளவு என்று சத்தமாக வாசிப்போம். படிக்கத் தெரியாத அக்காதான் அதில் முதலில் தப்பைக் கண்டுபிடிப்பாள், ஏனென்றால் அவள் மனசில் வைத்திருப்பாள். பதினோரு வருஷம் அந்த நோட்டை நான் எழுதினேன். ஊராட்சிக் கணக்கையும் அதே மாதிரி விரித்து வைக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு அந்தப் பாயிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கட்டிடத்தில் ஐந்து வருஷமாகத் தலைவர் கிடையாது. 2016 அக்டோபரில் போன மன்றத்தின் காலம் முடிந்தது. அப்போது நடக்க வேண்டிய தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களுக்கு நடந்தபோதும், புதிதாகப் பிரித்த மாவட்டங்கள் என்று தென்காசி உட்பட ஒன்பது மாவட்டத்தை விட்டுவிட்டார்கள். தனி அலுவலர் ஒருவரே பல ஊராட்சிக்குப் பொறுப்பு. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமலே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. கேள்வி கேட்கிற பழக்கமே நமக்கு விட்டுப்போயிற்று. அதை மறுபடி பழக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றும் முந்தாநாளும் செயலர் தம்பியோடு உட்கார்ந்து ரொக்கப் புத்தகத்தைப் பார்த்தேன். பொது நிதியில் 3,17,482 ரூபாய் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் தனிக் கணக்கு, அதைத் தொட முடியாது. மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே, மீதி 40தான் நம் தேவைக்கு. ஆக, ‘பஞ்சாயத்தில் லட்சக்கணக்கில் வருகிறதே, எங்கே போகிறது’ என்று டீக்கடையில் கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், வராத பணத்தை வந்ததாக நினைப்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கீழத்தெரு மோட்டார் கதையைச் சொல்கிறேன். நாலு மாசத்தில் மூன்று தடவை மோட்டார் காயிலைப் புதிதாகக் கட்டியதாக பில் இருக்கிறது. பார்த்ததும் எனக்கும் உங்களுக்கு வருகிற சந்தேகம்தான் வந்தது. மோட்டார் போடுகிற அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் எப்படி இறங்குகிறது என்று மீட்டரில் காட்டினார். மூன்று தடவை போனது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த பில்லோடு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. எந்தத் தேதியில் மோட்டார் நின்றது, யார் கழற்றினார், எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை, எதுவும் இல்லை. கழற்றிய பழைய செம்புக் கம்பி எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறோம். செம்பு கிலோ என்ன விலை போகிறது என்று பழைய இரும்புக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

யாரையும் திருடன் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் சொல்லவில்லை. இனிமேல் மோட்டார் கழற்றினால் அந்த வார்டு உறுப்பினரும், அந்தத் தெருவில் ஒரு ஆளும் கூட நிற்க வேண்டும். பழைய கம்பியை எடை போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். வோல்டேஜ்தான் காரணம் என்றால் மின்வாரியத்துக்கு மனு கொடுக்க வேண்டியது என் வேலை. அதைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

தெருவிளக்கும் அப்படித்தான். நம் ஊராட்சியில் 164 கம்பம். ஒவ்வொன்றுக்கும் பெயிண்டில் எண் எழுதப் போகிறோம். ‘மேலத்தெருவில் பல்பு மாற்றியது’ என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? ‘43ஆம் கம்பம்’ என்று எழுதினால் அந்த வீட்டு ஆச்சிக்குத் தெரியும்.

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் போன மாத வரவு செலவை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி இந்த வராண்டாவிலும், ரேஷன் கடையிலும், காலனி அங்கன்வாடியிலும் ஒட்டுவோம். பில் நகல் வேண்டும் என்றால் செயலரிடம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லேயே வந்துவிட்டது. பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போட உங்களுக்கு உரிமை உண்டு. போடுங்கள், நான் முகம் சுளிக்க மாட்டேன். அந்தப் பத்து ரூபாய் கூட இல்லாமல் பார்க்க முடிந்தால் நல்லது என்றுதான் ஒட்டச் சொல்கிறேன்.

வார்டு உறுப்பினர்களுக்கு ஒன்று. ஒன்பது பேர் இருக்கிறீர்கள், நாலு பேர் என்னை எதிர்த்து வேலை பார்த்தவர்கள். அது முடிந்த கதை. தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பி, வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குகிற வேலை இங்கே நடக்காது. அப்படி யாராவது கொண்டுவந்தால் போடாதீர்கள், நான் அனுப்பியதாகச் சொன்னாலும் போடாதீர்கள். இங்கே எழுதி, இங்கே வாசித்து, இங்கே கையெழுத்து. ஒத்துக்கொள்ளாதவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே எழுதலாம்.

என் அண்ணன் மகனிடம் டிராக்டரும் ஜே.சி.பி.யும் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை அவை ஊராட்சி வேலைக்கு வராது. அவன் கோபத்தில் இருக்கிறான், தீபாவளிக்கு வீட்டுக்கு வருவானா என்று தெரியவில்லை. என் தேர்தல் செலவையும் வெளியில் ஒட்டியிருக்கிறேன். தலைவர் பதவிக்கு 34,000 வரை அனுமதி, நான் செலவழித்தது 27,350. மீன்குழம்புச் சாப்பாடு போட்ட கணக்கும் அதில் சேர்த்தி.

நூறு நாள் வேலை. இந்த 2021-22 வருஷம் கூலி 273 ரூபாய் என்று அரசு சொல்கிறது. செய்த வேலையின் அளவு குறைந்தால் கையில் வருவது குறையும். அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், பேங்கில் போய்ப் பார்த்து அழக் கூடாது. என்.எம்.ஆர் வருகைப் பட்டியலில் வந்தவர் பெயர் மட்டும் இருக்கும். வராதவருக்கு டிக் அடித்துப் பாதி பங்கு வாங்குகிற வழக்கம் எங்கே எப்படி நடக்கிறது என்று பெண்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். வீடு திட்டப் பட்டியலில் பெயர் சேர்க்கவும், குழாய் இணைப்புக்கும் யாராவது ரசீது இல்லாமல் பணம் கேட்டால், கொடுக்காமல் என்னிடம் வாருங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் பயப்படாமல் சொல்லுங்கள். கேட்டது என் ஆள் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கிராம சபைக்கு நம் மக்கள்தொகைப்படி 100 பேர் வர வேண்டும். நம் ஊரில் முப்பது பேர் வருவார்கள், மீதிக் கையெழுத்தை மறுநாள் தெருத் தெருவாக வாங்குவார்கள். நானே ஒருமுறை முறத்தில் பீடி வைத்துச் சுற்றிக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எதற்கு என்று கூடக் கேட்கவில்லை. ஜனவரி 26 கிராம சபையைக் காலனியில் வைக்கிறோம். எப்போதும் கோவில் மண்டபத்திலேயே வைத்ததால் ஒரு பகுதி மக்கள் ஓரமாகவே நின்றார்கள். அது கூட்டமே இல்லை. எதிர்ப்பு வரும், தெரியும். வரட்டும்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் நிற்கவே முடியாது என்று எழுதி வைத்தார்கள். அந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதே கல்வெட்டுப்படி சொந்த நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவரும் நிற்க முடியாது. நானும், இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேரும் வாசலோடு சரி. அதனால் கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

உங்கள் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. வீட்டு வரி கேட்பு 1,31,000, வசூலானது 58,400. மாடி வீட்டுக்காரர்கள் பாக்கிதான் அதிகம். பாக்கிப் பட்டியலையும் ஒட்டப் போகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுக்கே இரண்டு வருஷ பாக்கி இருந்தது. மனுத்தாக்கல் செய்யப் பாக்கி இருக்கக் கூடாது என்பதால்தான் போய்க் கட்டினேன். ரசீது வாங்கும்போது வெட்கமாக இருந்தது.

தப்பு செய்தால் ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவில் கலெக்டர் என்னை நீக்கலாம். அது வரை போக விடாதீர்கள், இங்கேயே கேளுங்கள். சத்தம் போட்டுக் கேட்டாலும் பரவாயில்லை. குடித்துவிட்டு வந்து கேட்டால் மட்டும் மறுநாள் வரச் சொல்வேன்.

பேச்சு நீண்டுவிட்டது, டீ ஆறுகிறது. செயலர் தம்பி, அந்த ரொக்கப் புத்தகத்தை எடுங்கள். அக்டோபர் ஒன்றாம் தேதி வரவிலிருந்து ஆரம்பியுங்கள். வராண்டாவில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக.