மண்டபத்தோட சரியான அளவு கேட்டு, மேனேஜர் அண்ணனுக்கு

மேனேஜர் அண்ணே, வணக்கம்.

நான் சேகர், பிப்ரவரி 8 ஞாயித்துக்கெழமை உங்க மண்டபத்துல கல்யாணம் வச்சிருக்கோமே, தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு, அந்த பொண்ணோட தாய்மாமன். போன மாசம் அக்காவும் மச்சானும் வந்து 500 வெள்ளி டெபாசிட் கட்டிட்டு போனாங்க, ரசீது என்கிட்ட இருக்கு. நான் பாசிர் கூடாங்ல கப்பல் பட்டறைல வேலை பாக்குறேன், சுங்கை சிப்புட்டுக்கு வரணும்னா ஒரு நாள் போக ஒரு நாள் வர லீவு போயிரும், இல்லாட்டி இந்த லெட்டரே எழுதாம நானே டேப்ப எடுத்துக்கிட்டு வந்து நின்னுருப்பேன்.

விசயம் இதுதான் அண்ணே. எனக்கு ஹாலோட சரியான நீள அகலம், மேடையோட சைஸ், தூண் ஒவ்வொன்னும் எங்க நிக்குது, இந்த மூணும் வேணும். சுமாரா வேணாம், டேப் புடிச்சு அடி இன்ச்சோட வேணும்.

ஏன் இவ்ளோ அடம் புடிக்கிறேன்னு கேப்பீங்க. இப்ப என் கையில மூணு கணக்கு இருக்கு, மூணும் ஒன்னுக்கொன்னு ஒத்து வரல. உங்க நோட்டீஸ்ல 7000 சதுர அடின்னு போட்டிருக்கு. ஆபீஸ்ல போன் எடுத்த தங்கச்சி "அறுவதுக்கு நூறு அங்கிள்"னு சொன்னிச்சு, அப்படி பாத்தா 6000 தான் வருது. எங்க அக்கா, நான் சொன்னேன்னு வாசல்லேர்ந்து மேடை வரைக்கும் நடந்து எண்ணிட்டு வந்து 48 எட்டுன்னு சொல்லுது. அக்கா அன்னிக்கு சேலை கட்டியிருந்துச்சு, நடுவுல யாரோ தெரிஞ்சவங்கள பாத்து பேச நின்னுச்சாம், அங்கேர்ந்து திரும்ப எண்ணுச்சா விட்ட எடத்துலேர்ந்து எண்ணுச்சான்னு அதுக்கே ஞாபகம் இல்ல. நான் எத வச்சு படம் போடுறது சொல்லுங்க.

1000 சதுர அடி வித்தியாசம் லேசு இல்ல அண்ணே. பத்து பேர் ஒக்கார்ற அஞ்சடி வட்ட மேசை போட்டா நாற்காலியோட, சாப்பாடு கொண்டு போற பையன் நடக்குற வழியோட, ஒரு மேசைக்கு பத்துக்கு பத்து எடம் வேணும். அப்ப 1000 சதுர அடின்னா பத்து மேசை, நூறு பேரு. எங்களுக்கு 450 பேர், 45 மேசை. 6000ல மேடையும் சேந்திருந்தா, மேடை ஆழம் 16 அடின்னு வைங்க, மிச்சம் 5040 தான், அதுல மேசைக்கே 4500 போயிரும், பாக்கி 540ல பொண்ணு மாப்ள நடந்து வர்ற நடுவழி, புஃபே, போட்டோகிராபர், நாதஸ்வரக்காரங்க எல்லாரையும் எங்க நிக்க வைக்கிறது. அதனால அந்த 7000ல வெளி வராந்தா, பொண்ணு ரூம், கிச்சன் எல்லாம் சேத்தியா இல்லையான்னு மொதல்ல சொல்லிருங்க. சேத்தின்னா சேத்தின்னு சொல்லுங்க, நான் ஒன்னும் கோவிச்சுக்க மாட்டேன், எல்லா மண்டபத்துலயும் அப்படித்தான் போடுறாங்க.

அந்த தங்கச்சி சொன்ன அறுவதுக்கு நூறு மேல எனக்கு இன்னொரு சந்தேகம். யாரோ தரையில டைல்ஸ எண்ணி ரெண்டால பெருக்கி சொல்லிட்டாங்கன்னு நெனக்கிறேன். பெரிய டைல்ஸ நாம ரெண்டடி டைல்ஸ்னு சொல்லுவோம், ஆனா அது 60 சென்டிமீட்டர், ரெண்டடிக்கு அரை இன்ச்சுக்கு கொஞ்சம் கொறச்சலா இருக்கும். ஒரு டைல்ஸ்ல தெரியாது. 50 டைல்ஸ் வரிசையா வந்தா 100 அடி இல்ல, 98 அடி 5 இன்ச். அதனால எண்ண வேணாம் அண்ணே, தயவு செஞ்சு அளந்துருங்க. 100 அடி துணி டேப் ஹார்ட்வேர் கடைல கெடைக்கும், வாங்குங்க, காசு நான் தந்துர்றேன். செவுத்துலேர்ந்து செவுத்துக்கு, ஓரத்துல திண்டு கிண்டு நீட்டிக்கிட்டு இருந்தா அதோட மூஞ்சிலேர்ந்து.

அப்படியே மூலைக்கு மூலை குறுக்காவும் ரெண்டு பக்கமும் ஒருதரம் புடிச்சு பாருங்க. அறுவதுக்கு நூறு உண்மையின்னா குறுக்களவு 116 அடி ஏழரை இன்ச் கிட்ட வரணும், ரெண்டும் ஒரே மாதிரி வரணும். டேப் 100 அடின்னா நடுவுல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு ரெண்டு தடவையா அளங்க. ரெண்டு குறுக்கும் வேற வேறயா வந்தா ஹால் ஒரு பக்கம் கோணலா இருக்குன்னு அர்த்தம், கோணல்னாலும் பரவால்ல, எனக்கு தெரிஞ்சா போதும், கடைசி வரிசைய அதுக்கு தக்கன போட்டுக்குவேன்.

இப்ப மேடை. டெக்கரேசன் ஈப்போவுலேர்ந்து வர்றாங்க, அவங்க மணவறை 16 அடி அகலம், 10 அடி ஆழம், கோபுரத்தோட உசரம் 12 அடி. மூத்த மருமவ கல்யாணத்துல பட்ட பாடு இருக்கே, அது வேற ஊரு வேற மண்டபம், பேரு வேணாம், அங்க மேடை 20 அடின்னு சொன்னாங்க, நாங்களும் நம்பிட்டோம். காலைல அஞ்சு மணிக்கு லோரில சாமான எறக்கி வச்சா, அந்த 20 அடில ரெண்டு பக்கமும் படிக்கட்டு மேடைய குடைஞ்சு உள்ள வருது, நடுவுல 14 அடிதான் சும்மா கெடக்கு. மணவறைய நெருக்கி கட்டுனாங்க, ரெண்டு யானை பொம்மைல ஒன்னு மேடைல நிக்குது, இன்னொன்னு கீழ சாம்பார் வாளி பக்கத்துல நிக்குது. ஐயரு ஓமகுண்டத்த எங்க வைக்கிறதுன்னு கேக்குறாரு. அக்கினிய சுத்தி வர்றப்ப மாப்ள வேட்டி நெருப்புல படாம இருக்க நான்தான் ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டே வந்தேன். போட்டோல எல்லாத்துலயும் நான் இருக்கேன்.

அதனால மேடைக்கு மொத்த அகலமும் வேணும், படிக்கட்டு ஸ்பீக்கர் எல்லாம் கழிச்சு சும்மா இருக்குற அகலமும் வேணும். ஆழம் பின் செவுத்துலேர்ந்து முன் விளிம்பு வரைக்கும், பின்னாடி திரைச்சீலை கம்பி, ஏர்கான் பெட்டி எதாச்சும் முன்னால தள்ளிக்கிட்டு இருந்தா அது எத்தன இன்ச்னு. தரையிலேர்ந்து மேடை எவ்ளோ உசரம். மேடை மேல நின்னா சீலிங் எவ்ளோ உசரம், அங்க காத்தாடி தொங்குதுன்னா காத்தாடி வரைக்கும் எவ்ளோ, ஏன்னா 12 அடி மணவறைக்கு கலசம் வைக்க மேல ஒரு அடியாவது வேணும். மேடை சிமெண்டா பலகையா, பலகையின்னா செங்கல் அடுக்கி மணல் கொட்டி அது மேல ஓமகுண்டம் வைப்போம். மேல பொக சென்சார் இருந்தா அதையும் சொல்லிருங்க, தாலி கட்டுற நேரத்துல அலாரம் அடிச்சா கெட்டி மேளத்துக்கு மேல அதான் கேக்கும்.

தூணுதான் அண்ணே எனக்கு பெரிய தலவலி. அக்கா போன்ல புடிச்ச போட்டோல பக்கத்துக்கு அஞ்சு தூண் தெரியுது, ஆனா பாதி போட்டோல அக்கா வெரலு. தூணுக்கும் பக்கத்து செவுத்துக்கும் நடுவுல எவ்ளோ எடம்ங்குறது எனக்கு உசுரு. அஞ்சடி மேசை, ரெண்டு பக்கமும் நாற்காலிக்கு ரெண்டு ரெண்டு அடி, ஆக 9 அடி. நடுவுல 10 அடி இருந்தா அந்த ஓரத்துல ஒரு மேசை வரிசை ஜம்முனு போகும். 8 அடின்னா ஆளு ஒக்காந்தா முதுகு தூணுல இடிக்கும், வரிசையே போச்சு, ரெண்டு பக்கமும் சேத்து பதினாலு பதினஞ்சு மேசை போச்சு. அப்பறம் ஓரத்துக்கு வட்ட மேசைய விட்டுட்டு நீட்டு மேசைதான் பாக்கணும், அதுக்கு வாடகைக்காரர்கிட்ட இப்பவே சொல்லணும். பாருங்க, ரெண்டு அடில எவ்ளோ மாறுதுன்னு.

தூண அளக்குறப்ப நடுவுலேர்ந்து அளக்காதீங்க, மூஞ்சிலேர்ந்து மூஞ்சிக்கு அளங்க. தூண சுத்தி டைல்ஸ் ஒட்டியிருந்தா டைல்ஸோட. சதுரமா உருண்டையா, சதுரம்னா எத்தனைக்கு எத்தனை. மேடை விளிம்புலேர்ந்து மொத தூண் எவ்ளோ தூரம், அதுலேர்ந்து அடுத்தது எவ்ளோ, இப்படியே வாசல் வரைக்கும். எல்லாம் ஒரே தூரம்னு நெனச்சு ஒன்ன மட்டும் அளந்து அஞ்சால பெருக்கிராதீங்க, பழைய கட்டடத்துல கடைசி தூணு ஏமாத்தும். தூணுக்கு பின்னாடி ஒக்கார்றவங்களுக்கு மணவறை தெரியாது, யாரு தல மறையும்னு படத்துல கோடு போட்டு பாத்துட்டு அந்த மேசைல எங்க பயலுவள ஒக்கார வைக்கலாம்னு இருக்கேன், அவனுங்க எப்படியும் போனுதான் பாப்பானுங்க. சம்பந்தி வீட்டு ஆளுங்க அங்க ஒக்காந்தா அவ்ளோதான், பேரப்புள்ள பொறக்குற வரைக்கும் பேச்சு ஓடும்.

இந்த லெட்டரோட ஒரு வெள்ளத்தாள்ல கட்டம் போட்டு வச்சிருக்கேன். வாசல் கீழ, மேடை மேல. வாசல்ல நின்னு மேடைய பாத்தா எது எடமோ அதான் எடது, எது வலமோ அதான் வலது, இத மட்டும் மாத்திராதீங்க அண்ணே, மேடைலேர்ந்து பாத்து எழுதுனா எல்லாம் தலகீழா போயிரும். எடது பக்கம் தூண் 1லேர்ந்து 5, வலது பக்கம் 6லேர்ந்து 10, மேடை பக்கத்துலேர்ந்து எண்ணியிருக்கேன். பக்கத்துல நம்பர் மட்டும் எழுதுனா போதும். அதுலயே கதவு அகலம், ரெண்டு பலகையும் தொறந்தா எவ்ளோன்னு (மணவறை பின் பலகை எட்டடிக்கு நாலடி, முழுசா உள்ள வரணும், பாட்டியோட வீல்சேரும் வரணும்), அவசர வாசல் எங்க, தண்ணி ஹோஸ் பொட்டி எங்கன்னும் ஒரு புள்ளி வச்சுருங்க. அங்க மேசை போட மாட்டேன், பொம்பா ஆளு வந்து கேட்டா உங்களுக்குத்தான் பிரச்சன.

மண்டபம் கட்டுனப்ப போட்ட பிளான் உங்க அலமாரில எங்கயாச்சும் இருந்தா இன்னும் நல்லது, போட்டோ புடிச்சு அனுப்புங்க. ஆனா அதோட தூணையாச்சும் ஒருதரம் டேப் வச்சு பாத்துருங்க, பிளான்ல ஒன்னு இருக்கும் கட்டுனவன் ஒன்னு கட்டியிருப்பான், முப்பது வருசமா கப்பல் பட்டறைல இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

டெக்கரேசன்காரர் டிசம்பர் 10க்குள்ள அளவு கேட்டிருக்காரு, சீன புத்தாண்டு நெருங்கிட்டா பட்டறைல ஆளு கெடைக்காதாம். ஒங்களுக்கு நேரம் இல்லன்னா சொல்லுங்க, மச்சானோட தம்பி தோட்டத்துலதான் இருக்கான், மத்தியானம் செம்பனை வேலை முடிஞ்சு வந்துருவான், ஹால் சும்மா இருக்குற நாளா பாத்து சாவி மட்டும் தொறந்து விடுங்க, டேப்போட ஒரு முனைய புடிக்க உங்க ஆள் ஒருத்தர் இருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். வாட்சப்ல அனுப்புனா எழுத்து தெளிவா தெரியுற மாதிரி வெளிச்சத்துல வச்சு எடுங்க.

அளவு வந்ததும் நான் படம் போட்டு ஒரு காப்பி உங்களுக்கும் தர்றேன், அடுத்து கேக்குறவங்களுக்கு அதையே குடுங்க.

அன்புடன்
சேகர்
பாசிர் கூடாங்

பின்குறிப்பு: மேடைல பிளக் பாயிண்ட் எத்தன இருக்குன்னு அக்கா கேக்க சொல்லுச்சு, மறந்தே போயிட்டேன். அதையும் கட்டத்துல ஒரு ஓரமா எழுதிருங்க அண்ணே.