மூன்றாம் ஆண்டு மாணவர் கவினைக் கற்றல் மதிப்பீட்டிற்குப் பரிந்துரைப்பது குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

வழிகாட்டி, ஆலோசனைப் பிரிவு
தமிழ்ப்பள்ளி, ஜார்ஜ்டவுன், பினாங்கு
9 ஜூலை 2025

பெறுநர்: கவினின் தாய் தந்தையர்

பொருள்: தங்கள் மகன் கவினை (ஆண்டு 3) வாசிப்பு, எழுத்துத் திறன் மதிப்பீட்டிற்குப் பரிந்துரைத்தல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சென்ற வாரம் கவினின் அம்மாவுடன் தொலைபேசியில் பேசியபோது, எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வாக்குறுதியின்படி இதை எழுதுகிறேன். கவினை மருத்துவ மதிப்பீட்டிற்கு அனுப்பலாம் என்று பள்ளி ஏன் கருதுகிறது, அந்த முடிவுக்கு நாங்கள் எதைப் பார்த்து வந்தோம், உங்கள் சம்மதம் கிடைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதையெல்லாம் நீங்கள் இருவரும் வீட்டில் நிதானமாகப் படித்துப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவின் சோம்பேறி அல்லன். இரண்டு ஆண்டுகளாகக் குறைநீக்கல் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறான். ஆசிரியை கொடுக்கும் பயிற்சிகளை அழித்து அழித்துத் திரும்ப எழுதுகிறான். அவனுடைய பயிற்சிப் புத்தகத்தில் மூன்று பக்கங்கள் அழிப்பான் தேய்த்த இடத்தில் கிழிந்திருக்கின்றன. முயற்சி செய்யாத பிள்ளையின் புத்தகம் அப்படி இருக்காது. இவ்வளவு உழைப்புக்குப் பிறகும் வாசிப்பு அவனுக்கு வசப்படவில்லை என்பதுதான் எங்களைக் கவலைகொள்ள வைத்தது.

ஜூன் 16 முதல் ஜூலை 4 வரை, மூன்று வாரங்களில் ஒன்பது பாடவேளைகள் அவனுடைய வகுப்பில் அமர்ந்து கவனித்தேன். மாணவர்கள் வரிசையாக உரக்க வாசிக்கும்போது, தன் முறை எப்போது வரும் என்று அவன் பத்திகளை விரலால் எண்ணிப் பார்க்கிறான். முறை நெருங்கும் நேரத்தில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கிறான். இது நான்கு முறை நடந்தது. வெண்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்ன ஒரு வேளையில், மற்றவர்கள் பதினொரு வரிகளை முடித்தபோது அவன் நான்காம் வரியில் இருந்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு ஆலோசனை அறையில் அவனைத் தனியாக உட்காரவைத்து, முதலாம் ஆண்டுக்குரிய 48 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். ஆறு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அவன் செய்த பிழைகள் எனக்கு முக்கியமாகப் பட்டன. 'கொடி' என்பதை ஒருமுறை 'கெடி' என்றும் இன்னொருமுறை 'காடி' என்றும் வாசித்தான். தமிழில் 'கொ' என்று வாசிக்க, எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் ஒருசேரக் கண்டு, நடுவிலுள்ள எழுத்தோடு இணைக்க வேண்டும். அவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பிடிபடுகிறது. 'வண்ணம்' என்பதை 'வண்டி' என்றான். முதல் இரண்டு எழுத்துகளைக் கொண்டு மீதியை ஊகிக்கிறான். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு வரும்போது இரண்டு இடங்களில் ஒரு வரியையே தாண்டிப் போனான்.

லகர, ளகர, ழகர மயக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நம் பிள்ளைகள் பலருக்கும் உள்ளதுதான். ஆனால் தேசிய மொழியான மலாய்ப் பாடத்திலும் இதே போக்குத் தெரிகிறது. புத்தகத்தைக் குறிக்கும் 'புக்கு' என்ற சொல்லை 'டுக்கு' என்று வாசிக்கிறான். ஆங்கிலத்திலும் b, d என்ற அந்த இரண்டு எழுத்துகளும் அவனுக்கு இடம் மாறுகின்றன. அந்தப் பாடங்களின் ஆசிரியர்கள் தனித்தனியாக எழுதித் தந்த குறிப்புகளும் இதையே சொல்கின்றன.

இந்த இடத்தில் அம்மா என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் சேர்த்து மூன்று மொழிகளைப் படிக்கவைத்ததால்தான் குழம்பிவிட்டானோ, தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று வருத்தத்தோடு கேட்டீர்கள். நீங்கள் செய்த எதனாலும் இது வந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு மொழியோடு பழக்கம் போதாத பிள்ளை அந்த மொழியில்தான் தடுமாறும். கவினோ வீட்டில் பேசி வளர்ந்த தமிழிலும் எழுத்தைக் கண்டதும் நின்றுவிடுகிறான். பேச்சில் அந்தத் தடையே இல்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் புறப்பட்டதிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலை அடையும் வரை, எந்த இடத்தில் தேங்காய் உடைத்தார்கள், எங்கே தாத்தா கால் வலிக்கிறதென்று உட்கார்ந்தார் என்பது உட்பட, வரிசை மாறாமல் எனக்குச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. பள்ளியை மாற்றினால் சிக்கல் அவனோடு கூடவே வரும். நண்பர்களும் பழகிய ஆசிரியர்களும்தான் போவார்கள்.

அவன் வாசிக்கத் திணறிய அதே பத்தியை நான் வாசித்துக் காட்டியபோது, ஐந்து கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னான். கணிதத்தில் வாய்க்கணக்கு விரைவாக வருகிறது. பிரச்சனைக் கணக்கில்தான் தாளை வெறுமையாக விடுகிறான். கணக்கைப் படித்துக் காட்டியதும் எட்டில் ஏழைச் சரியாகச் செய்தான். புரிந்துகொள்ளும் திறனுக்கும் அச்செழுத்தை வாசிக்கும் திறனுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதுதான் இந்தப் பரிந்துரைக்கு முதன்மைக் காரணம்.

கல்வி அமைச்சு பள்ளிகளுக்குத் தந்துள்ள டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியலை வகுப்பாசிரியை நிரப்பினார். பிள்ளையின் சிரமங்களோடு அவனுடைய பலங்களையும் அது கேட்கிறது. அதன் முடிவு, மருத்துவரிடம் காட்டிப் பார்ப்பது நல்லது என்ற நிலையைக் காட்டியது. டிஸ்லெக்சியா என்பது, அறிவுத்திறன் நன்றாக இருந்தும் எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதில் தொடர்ந்து ஏற்படும் சிரமம். கவினுக்கு அது இருக்கிறது என்று இக்கடிதம் சொல்லவில்லை. பட்டியல் ஒரு சல்லடைதான். முடிவு சொல்லும் தகுதி எனக்கோ வகுப்பாசிரியைக்கோ இல்லை. கண்பார்வை, செவிப்புலன், கவனம் ஆகியவற்றில் ஏதேனும் காரணமாக இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மதிப்பீடு கேட்கிறோம்.

இன்னொரு செய்தியைக் கவினிடம் கேட்டு, அவன் சரியென்ற பிறகே எழுதுகிறேன். சொல்வதெழுதுதல் நடக்கும் புதன்கிழமைகளில் அவனுக்கு வயிற்றுவலி வருகிறது. ஏப்ரல் மாதத்திலிருந்து அப்படி மூன்று புதன்கிழமைகள் பள்ளிக்கு வரவில்லை; கிளினிக்கில் ஒன்றும் இல்லை என்று சொன்னதாக நீங்களும் கூறினீர்கள். அவன் பொய் சொல்கிறான் என்று எண்ணிவிடாதீர்கள். அச்சம் பிள்ளைகளுக்கு உண்மையான வலியாகவே வரும். வாசிப்பது ஏன் பிடிக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "நான் படிச்சா எல்லாரும் காத்திருக்கணும் டீச்சர்" என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை மற்றவர்களுக்குத் தான் ஒரு தொந்தரவு என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறான். அடுத்த ஆண்டு வரை பொறுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். நான்காம் ஆண்டில் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை கூடும். யுவாசா என்னும் கல்வியாண்டிறுதித் தேர்வும் அந்த ஆண்டில் தொடங்குகிறது.

நீங்கள் சம்மதித்தால், என் பரிந்துரைக் கடிதத்துடன் முதலில் உங்கள் வட்டாரத்து அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். மருத்துவர் அவனைப் பரிசோதித்து, கண், காது சோதனைகளுக்கும், தேவையென்று கருதினால் பினாங்கு மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவுக்கும் அனுப்புவார். அங்கே வாசிப்பு, நினைவாற்றல், சிந்தனைத் திறன் போன்றவற்றைப் பயிற்சிகள் மூலமாகவும் பேச்சின் மூலமாகவும் பார்ப்பார்கள். நேரம் கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் விரைவில் தொடங்குவது நல்லது. மைகிட் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சிறுவயது மருத்துவப் புத்தகம் ஆகியவற்றோடு, அவனுடைய பயிற்சிப் புத்தகங்கள் இரண்டையும் கொண்டுசெல்லுங்கள். கிழிந்த பக்கங்களை ஒட்டவோ மாற்றவோ வேண்டாம்; மருத்துவர் அவற்றை அப்படியே பார்க்கட்டும்.

ஐயா, நீங்களும் பள்ளி நாள்களில் வாசிக்க மிகவும் சிரமப்பட்டதாக அம்மா சொன்னார். இதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இத்தகைய சிரமம் சில குடும்பங்களில் தலைமுறையாக வருவதுண்டு என்பதால், அது அவருக்குப் பயனுள்ள தகவல். உங்களுக்கு அன்று யாரும் காரணம் தேடிப் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கவினுக்கு அப்படி ஆகக் கூடாது.

மதிப்பீட்டுக்கு அனுப்பினாலே மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை எடுக்க வேண்டும், சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நலத் துறையில் பதிந்துகொள்வது கட்டாயமில்லை. மருத்துவர் உறுதிசெய்து, நீங்களும் விரும்பினால் மட்டுமே அந்தப் பேச்சு எழும். உங்கள் சம்மதம் இல்லாமல் கவின் வகுப்பு மாற மாட்டான். அறிக்கையை நீங்கள் பள்ளியிடம் கொடுத்தால், அது என் அலமாரியில் பூட்டி வைக்கப்படும். தலைமையாசிரியரும் அவனுக்குக் கற்பிப்பவர்களும் தவிர வேறு யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

முடிவு வரும்வரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. இந்த வாரம் முதல் முன்னறிவிப்பின்றி அவனை உரக்க வாசிக்கச் சொல்வதில்லை என்று ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டுள்ளனர். சொல்வதெழுதுதலில் பத்துச் சொற்களுக்குப் பதில் ஐந்து. அறிவியலில் வாய்மொழியாகப் பதில் சொல்லலாம். முன்வரிசையில் அமர்வான். வீட்டில் உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பிழையான சொல்லை ஐம்பது முறை எழுதவைப்பதை நிறுத்திவிடுங்கள். தவறாகப் பதிந்ததைத்தான் அவன் ஐம்பது முறை எழுதுகிறான். வாரத்தில் ஆறு நாள் டியூஷன் என்பதை மூன்றாகக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். இரவில் பத்து நிமிடம் அவன் விரும்பும் கதையை நீங்கள் வாசிக்க, அவன் வரியைப் பார்த்துக்கொண்டு கேட்கட்டும். அவனுடைய அக்காவின் புள்ளிகளை அவன் முன்னால் பேச வேண்டாம்.

அவனிடம் இதைப் பற்றிச் சொல்லும்போது, "உனக்கு வாசிக்க ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் போகிறோம்" என்று சொன்னால் போதும். ஊசி போடமாட்டார்களா என்று என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டான். வாசிப்பைப் பார்க்கும் சோதனைகளுக்கு ஊசி கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.

வரும் ஜூலை 17, வியாழக்கிழமை, பிற்பகல் 3 மணிக்கு ஆலோசனை அறையில் உங்கள் இருவரையும் சந்திக்க விரும்புகிறேன். குறைநீக்கல் ஆசிரியையும் இருப்பார். தொழிற்சாலை ஷிப்டு காரணமாக அந்நேரம் முடியாவிட்டால், பள்ளி அலுவலகத்தில் சொல்லுங்கள். மாலையிலோ சனிக்கிழமை காலையிலோ நான் வருகிறேன். சம்மதப் படிவம் இத்துடன் உள்ளது. சந்திப்புக்குப் பிறகு கையெழுத்திட்டால் போதும். அதுவரை ஒரு கேள்வி மனத்தில் எழுந்தாலும் குறித்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

நன்றி.

இக்கண்,
கௌரி
ஆலோசக ஆசிரியை

இணைப்பு: மருத்துவருக்கான பரிந்துரைக் கடிதம், சரிபார்ப்புப் பட்டியலின் நகல், சம்மதப் படிவம்
நகல்: தலைமையாசிரியர்