மத்திய மருந்துக் கிடங்கு: அவசரத் தொடர்பு மரமும் பொறுப்பு ஒதுக்கீடும்

இந்தத் தாள் நம் கிடங்கின் 136 பக்க வணிகத் தொடர்ச்சித் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. நள்ளிரவில் குளிர் அறையின் அலாரம் ஒலிக்கும்போது யாரும் 136 பக்கங்களைப் புரட்டப் போவதில்லை. யார் யாரை அழைப்பது, யார் எதை முடிவு செய்வது என்ற இரண்டு மட்டுமே இங்கே இருக்கின்றன. முதல் நான்கு மணி நேரத்துக்கு, மூலத் திட்டத்தோடு எங்காவது முரண்பட்டால் இந்தத் தாளில் உள்ளதே செல்லும். இதற்கு நிர்வாக இயக்குநர் ஒப்புதல் அளித்திருக்கிறார்.

இங்கே பதவிகள் மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளன. பெயர்களும் கைபேசி எண்களும் ஒவ்வொருவரிடமும் உள்ள சட்டைப்பை அட்டையில் அச்சிடப்பட்டிருக்கின்றன. சொந்த எண்களைச் சுவரில் ஒட்டுவது சரியல்ல என்பதால் இந்த ஏற்பாடு.

எப்போது மரத்தைத் தொடங்குவது

தீ, வெள்ளம், கட்டடச் சேதம், ஒருவருக்குக் காயம் என்றால் முதலில் தீயணைப்பு அல்லது ஆம்புலன்ஸ், பிறகுதான் மரம். இந்த வரிசை எக்காரணத்தாலும் மாறாது.

குளிர் அறையின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்ற வரம்புக்கு வெளியே 15 நிமிடம் நின்றால் தொடங்குங்கள். 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் 15 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். வெப்பம் ஏறுவதைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் இன்சுலினும் ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகளும் ஒருமுறை உறைந்துவிட்டால் பயன்படாது. உருகிய பிறகு குப்பியைப் பார்த்து மட்டும் அதை உறுதியாகக் கண்டுபிடிக்கவும் முடியாது.

மின்சாரம் போய் இரண்டு நிமிடத்துக்குள் ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும், விநியோக மென்பொருள் ஒரு மணி நேரம் முடங்கினாலும், கணினித் திரையில் பணம் கேட்டு மிரட்டும் செய்தி தோன்றினாலும் தொடங்க வேண்டும். மிரட்டல் செய்தி என்றால் அலுவலக மின்னஞ்சலையோ அரட்டைக் குழுவையோ தொடாதீர்கள். உள்ளே புகுந்தவர்கள் அவற்றையும் படித்துக்கொண்டிருக்கலாம். கைபேசி அழைப்பு மட்டுமே.

யார் தொடங்குவது

மூலத் திட்டத்தின் 3ஆம் பிரிவு, அவசர நிலையை அறிவிப்பவர் நிர்வாக இயக்குநர் என்கிறது; 11ஆம் பிரிவு கிடங்கு மேலாளர் என்கிறது. இரவு இரண்டு மணிக்கு இருவருமே இங்கே இருப்பதில்லை. எனவே பணியில் இருக்கும் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் யாரிடமும் அனுமதி கேட்காமல் மரத்தைத் தொடங்கலாம். அதை அவசர நிலையாக அறிவிப்பதா, கலைப்பதா என்பதை நெருக்கடித் தலைவர் முடிவு செய்வார். தேவையில்லாமல் தொடங்கிவிட்டார் என்று எந்த மேற்பார்வையாளரிடமும் விளக்கம் கேட்கப்படாது.

மரம்

பார்த்தவர் → ஷிஃப்ட் மேற்பார்வையாளர் → நெருக்கடித் தலைவர்

நெருக்கடித் தலைவர் ஐந்து பேரை இந்த வரிசையில் அழைப்பார்:

1. பொறியியல் தலைவர் → ஜெனரேட்டர் இயக்குநர், குளிர்சாதனப் பராமரிப்பு ஒப்பந்ததாரர், மின்பணியாளர்
2. தர உறுதி அலுவலர் → இரண்டு தர ஆய்வாளர்கள், போக்குவரத்து மேலாளர் → ஓட்டுநர் குழுத் தலைவர்
3. மனிதவள மேலாளர் → காவல் பணித் தலைவர், மற்ற இரு ஷிஃப்ட் மேற்பார்வையாளர்கள் → அவரவர் குழுவினர்
4. தகவல் தொழில்நுட்பத் தலைவர் → சர்வர் நிர்வாகி, மென்பொருள் ஆதரவு நிறுவனம்
5. நிர்வாக இயக்குநர் → வாடிக்கையாளர் தொடர்பு மேலாளர்

இயக்குநர் ஐந்தாவதாக வருவது மரியாதைக் குறைவு அல்ல. முதல் அரை மணி நேரத்தில் கை வைத்து வேலை செய்ய வேண்டியவர்கள் முன்னால் வருகிறார்கள். மூலத் திட்டத்தின் 7ஆம் பிரிவில் கிடங்கு மேலாளர் ஒருவரே 19 பேரை அழைக்க வேண்டும் என்று இருந்தது. ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம் என்றாலும் அதற்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய்விடும். அதனால்தான் இப்போது யாரும் ஐந்து பேருக்கு மேல் அழைக்கத் தேவையில்லாதபடி பிரித்திருக்கிறோம்.

இரண்டு முறை அழைத்தும் எடுக்காவிட்டால், குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு உடனே மாற்றாளை அழையுங்கள். மாற்றாளும் கிடைக்காவிட்டால், அவருக்குக் கீழே உள்ளவர்களை நீங்களே அழையுங்கள். ஒருவர் தூங்கிவிட்டார் என்பதால் அவருடைய கிளை முழுவதும் செய்தி தெரியாமல் நிற்கக் கூடாது. குரல்பதிவில் சொல்லிவிட்டு வைப்பது அழைத்ததாகக் கணக்கில் வராது.

எல்லோரும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுதான். உதாரணமாக: “கிடங்கு அவசரச் செய்தி. 2:10 மணிக்கு மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர் ஓடவில்லை. யாருக்கும் காயம் இல்லை. நீங்கள் உங்கள் கிளையை அழையுங்கள், பிறகு கிழக்கு வாயிலுக்கு வாருங்கள். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்.” தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். காரணத்தை ஊகிக்க வேண்டாம். மூன்றாவது காதுக்குப் போகும்போது ஊகம் உண்மையாகிவிடும்.

ஒவ்வொரு கிளையிலும் கடைசியாக அழைக்கப்பட்டவர் பதிவாளருக்குத் திரும்ப அழைத்து, செய்தி வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். 30 நிமிடத்துக்குள் அந்த அழைப்பு வராத கிளையைப் பதிவாளரே தேடுவார்.

பொறுப்புகள்

நெருக்கடித் தலைவர்: கிடங்கு மேலாளர். மாற்றாள் பொறியியல் தலைவர் என்று மூலத் திட்டம் சொன்னது. குளிர்சாதனம் பழுதானால் அவர் இயந்திரத்தின் அருகே இருக்க வேண்டியவர், எனவே மாற்றாள் இனிப் போக்குவரத்து மேலாளர். தலைவர் வால்வைத் திருகவோ பெட்டி தூக்கவோ கூடாது. அவர் முடிவு எடுக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

தர உறுதி அலுவலர்: இந்தத் திட்டத்தில் மிகவும் கனமான பொறுப்பு இவருடையது. குளிர் அறையின் கதவைத் திறக்கலாமா, சரக்கை மாற்றுக் கிடங்குக்கு நகர்த்தலாமா, எந்தத் தொகுதியை விநியோகத்திலிருந்து நிறுத்தி வைப்பது என்பவை அவர் முடிவுகள். கதவு மூடியிருக்கும்வரை அறை குளிரைத் தாங்கும். பதற்றத்தில் ஆளுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் பெரிய கேடு. சந்தேகத்துக்குரிய சரக்கை யாரும் அப்புறப்படுத்த வேண்டாம். “நிறுத்தி வைக்கப்பட்டது” என்ற சிவப்பு ஒட்டியை ஒட்டி, 2 முதல் 8 டிகிரியிலேயே தனியாக வைக்க வேண்டும். வெப்பநிலைப் பதிவுக் கருவியின் தரவைப் பார்த்து விடுவிப்பதோ அழிப்பதோ அவர் ஒருவரின் கையெழுத்தில் மட்டுமே நடக்கும். எவ்வளவு உயர்ந்த பதவியில் இருப்பவரும் அதை மாற்ற முடியாது. இந்த மருந்து ஒரு நோயாளியின் உடலுக்குள் போகிறது. பழைய திட்டம் ஆட்கள் கணக்கெடுப்பையும் வாடிக்கையாளர் தகவலையும் இவர் தலையிலேயே ஏற்றியிருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டோம். மாற்றாள்: மூத்த தர ஆய்வாளர்.

பொறியியல் தலைவர்: மின்சாரம், ஜெனரேட்டர், குளிர்சாதனம். டீசல் இருப்பு எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்பதை முதல் 20 நிமிடத்தில் தலைவரிடம் சொல்ல வேண்டும். இவரும் இவருடைய பழைய மாற்றாளும் ஒரே வண்டியில் வேலைக்கு வருகிறவர்கள். ஒரே சாலை அடைபட்டால் இருவரும் சிக்குவார்கள் என்பதால் மாற்றாள் இப்போது மூத்த மின்பணியாளர்.

மனிதவள மேலாளர்: கிழக்கு வாயில் முன் உள்ள திடலில் ஆட்கள் கணக்கெடுப்பு, காயமடைந்தவர்களின் குடும்பத்துக்குத் தகவல். வருகைப் பதிவின் அச்சுப்படியைக் காவல் பணித் தலைவர் கொண்டுவருவார். மாற்றாள்: காவல் பணித் தலைவர்.

தகவல் தொழில்நுட்பத் தலைவர்: பாதிக்கப்பட்ட கணினிகளை வலைப்பின்னலிலிருந்து பிரிப்பது, பேக்கப்பிலிருந்து மீட்பது. மென்பொருள் திரும்பும்வரை விநியோகம் காகிதப் படிவத்தில் நடக்கும். மாற்றாள்: சர்வர் நிர்வாகி.

வாடிக்கையாளர் தொடர்பு மேலாளர்: மருத்துவமனைகளுக்கும் மருந்தகங்களுக்கும் தகவல். பத்திரிகையாளர் கேட்டால் இவர் மட்டுமே பேசுவார். மாற்றாள்: நிர்வாக இயக்குநர்.

பதிவாளர்: கணக்குப் பிரிவின் மூத்த எழுத்தர், மாற்றாள் வரவேற்பாளர். மூலத் திட்டத்தில் இப்படி ஒரு பொறுப்பே இல்லை. ஷிஃப்ட் மேற்பார்வையாளரின் முதல் அழைப்பு முடிந்ததும் நெருக்கடித் தலைவர் இவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். நேரம், யார் சொன்னது, என்ன முடிவு என்ற மூன்றையும் பேனாவால் நோட்டில் எழுதுவதுதான் இவர் வேலை. வேறு எதற்கும் இவரை அழைக்கக் கூடாது.

அவசரம் 12 மணி நேரத்தைத் தாண்டினால் எல்லாப் பொறுப்பும் மாற்றாளிடம் மாறும். ஒப்படைக்கும்போது இருவரும் பதிவேட்டை ஒன்றாகப் படித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு பொறுப்பின் முதலாளும் மாற்றாளும் ஒரே நாளில் விடுப்பு எடுக்க முடியாது. விடுப்பு அனுமதிக்கும் முன் மனிதவள மேலாளர் இந்தத் தாளைப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி ஓர் இரவில் மரம் சோதிக்கப்படும். கைபேசி எண் மாறியவர்கள் அன்றே மனிதவளப் பிரிவில் சொல்லுங்கள். புதிய அட்டையைப் பெற வருபவர்கள் பழைய அட்டையைத் திருப்பித் தர வேண்டும்.