'பாதையும் பாலமும்': கிண்ணியா பற்றிய ஆய்வேட்டின் சுருக்கமும் முடிவுரையும்

புவியியல் முதுகலைமாணிப் பட்டத்துக்காக 2022இல் சமர்ப்பிக்கப்பட்ட இவ்வாய்வேட்டை முழுவதும் வாசிப்பதா என்று தீர்மானிக்கவிருக்கும் வாசகருக்காக, அதன் ஆய்வுச் சுருக்கமும் முடிவுரையும் சொல்வதை மட்டும் இக்குறிப்பு தருகிறது.

2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம், அதுவரை பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறியே திருகோணமலை நகருக்குப் போய்வந்த மக்களின் அன்றாட வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பதே ஆய்வின் கேள்வி. பாலம் வந்த பின் கிண்ணியாவின் வணிகம் நகரை நோக்கித் திரும்பியது, துறையடிக் கடைகள் நலிந்தன, இரவில் நோயாளரை நகர வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று ஆகிய மூன்றையும் பாலத்தின் விளைவுகள் என ஆய்வுச் சுருக்கம் ஐயமின்றிக் கூறுகிறது.

முடிவுரையில் அந்த உறுதி இல்லை. யுத்தம் முடிந்ததும் அதே 2009இல்தான் என்பதையும், சோதனைச்சாவடிகள் குறைந்து திருகோணமலை–மட்டக்களப்பு வீதியின் ஏனைய பாதைத் துறைகளிலும் பின்னர் பாலங்கள் எழுந்தன என்பதையும் நினைவூட்டும் ஆய்வாளர், வணிகம் நகரை நோக்கித் திரும்பியதில் எவ்வளவு பாலத்தால், எவ்வளவு அமைதியால் என்று தம்மிடமுள்ள தரவைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது என ஒப்புக்கொள்கிறார். துறையடிக் கடைகளின் நலிவை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பாதைக்காகக் காத்துநின்றவர்களே அக்கடைகளின் வாடிக்கையாளர்கள் என்பதால், காத்திருப்பு ஒழிந்ததும் வியாபாரமும் ஒழிந்தது என்ற வாதம் வலுவானதே. வைத்தியசாலைப் பயணம் பற்றிய கூற்று முடிவுரையில் ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. ஏன் என்று அவர் சொல்லவில்லை.

முடிவுரையின் கடைசிப் பக்கம் எதிர்பாராதது. ஒரு பாலம் கட்டியதோடு நீர்வழிப் பயணத்தின் ஆபத்து நீங்கிவிடவில்லை என்பதற்கு, 2021 நவம்பர் 23இல் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிச்சென்ற பாதை கவிழ்ந்து உயிர்கள் பலியானதை ஆய்வாளர் சான்றாகக் காட்டுகிறார். களவேலை முடிந்த பிறகு நிகழ்ந்த இவ்விபத்து பின்னர் சேர்க்கப்பட்டது என்பது நடையிலேயே தெரிகிறது; ஆயினும் ஆய்வுச் சுருக்கத்தில் ஒரு சொல்லாகவும் இடம்பெறாத இப்பகுதியே, என் கணிப்பில், ஏட்டின் மிகப் பயனுள்ள பகுதி.

செலவு, நேரம், வருமானம் குறித்த எண்கணக்கைத் தேடுவோருக்கு இவ்வேடு உதவாது. நேர்காணல்களே இதன் ஆதாரம். அவற்றிலும் பாதை ஓட்டியவர்களும் துறையடிக் கடைக்காரரும் பேசுமளவுக்குப் பயணிகளான பெண்கள் பேசவில்லை என்று ஆய்வாளரே குறைப்படுகிறார். பாதைக் காலத்துக் கிண்ணியாவை அவ்வூராரின் வாய்மொழியாக அறிய விரும்புபவர் முழுவதையும் வாசிக்கலாம். பாலத்தின் பொருளாதார விளைவை மேற்கோள் காட்ட எண்ணுபவர் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்தாள வேண்டாம். முடிவுரையையும் அது சுட்டும் நான்காம் அத்தியாயத்தையும் படித்தால் போதும்.