பிரஸ் பிரிவு, கிரைண்டிங் பிரிவு, கம்ப்ரசர் அறை: செவித்திறன் பாதுகாப்புத் திட்டம்

நடைமுறைக்கு வரும் நாள்: ஏப்ரல் 1
தயாரித்தவர்: பாதுகாப்பு அலுவலர்
யாருக்கு: நிர்வாகம், பிரிவு மேலாளர்கள், ஷிப்ட் சூப்பர்வைசர்கள், தொழிலாளர் பிரதிநிதிகள்

எங்கே நிற்கிறோம்

இதுவரை நாம் செய்தது, வேலைக்குச் சேரும்போது ஒரு ஜோடி பஞ்சு இயர்பிளக் கொடுத்ததும் சுவரில் ஒரு எச்சரிக்கைப் பலகை மாட்டியதும்தான். அது திட்டம் ஆகாது. இரைச்சலால் உட்காதில் செத்துப்போகும் நுண்மயிர்ச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை; மருந்தோ அறுவையோ அவற்றைக் கொண்டுவராது. வலியும் இருக்காது. முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் மங்கும், அப்புறம் கூட்டத்தில் பேச்சுப் புரியாது. அந்த ஆள் தானாக வந்து சொல்லும்போது சேதம் பல வருடம் பழையதாகியிருக்கும். அதனால்தான் அளந்து பார்ப்பதைக் கட்டாயமாக்குகிறோம்.

நம் செயல் வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 85 டெசிபல் (ஏ-எடை). 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு 15 நிமிடம். உள்நாட்டுச் சட்டம் இதைவிடத் தளர்வாக இருந்தாலும் இந்த வரம்பையே பின்பற்றுவோம். சட்டம் இறுக்கமாக இருந்தால் சட்டமே செல்லும்.

சத்த வரைபடம்

தளத்தை 5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தொழிலாளியின் காது உயரத்தில் ஒலி அளவுமானியால் அளக்கப்படும். அளப்பதற்கு முன்பும் பின்பும் கலிபரேட்டரால் சரிபார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் தெரிந்தால் அந்த அளவீடு செல்லாது. எல்லா இயந்திரமும் ஓடும் வழக்கமான ஷிப்டில்தான் அளக்க வேண்டும். தணிக்கை வருகிறது என்று பாதி பிரஸ்ஸை நிறுத்தி வைத்து எடுக்கும் வரைபடம் யாருக்கும் உதவாது.

முதல் சுற்றில் கிடைத்தவை: பிரஸ் வரிசை 93 முதல் 96, கிரைண்டிங் 98, கம்ப்ரசர் அறை 94, அசெம்பிளி மேசைகள் 80. வரைபடத்தில் 85-க்கு மேல் மஞ்சள், 95-க்கு மேல் சிவப்பு.

ஆனால் வரைபடம் இடத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. கிரைண்டிங்கில் 3 மணி நேரமும், மீதி 5 மணி நேரம் அசெம்பிளியிலும் வேலை பார்ப்பவருக்கு நாள் சராசரி ஏறக்குறைய 94 வருகிறது. அந்த 5 மணி நேர அமைதி பெரிதாக எதையும் ஈடுகட்டவில்லை. ஆகவே இடம் மாறி மாறி வேலை செய்யும் பராமரிப்பு ஆட்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள் தோளில் டோசிமீட்டர் மாட்டி முழு ஷிப்டுக்கும் அளக்கப்படுவார்கள். புதிய இயந்திரம் வந்தாலோ வரிசை மாறினாலோ 30 நாளுக்குள் மறுபடி அளக்க வேண்டும்.

முதலில் இயந்திரம், பிறகுதான் காது

இந்த வருட வேலைகள் மூன்று. பாகங்களை ஊதித் தள்ளும் திறந்த காற்றுக்குழாய்களுக்குச் சத்தம் குறைந்த நாசில்கள். பிரஸ்களின் சரிவுத் தட்டுகளில் அதிர்வை விழுங்கும் விரிப்பு. தகடு தகட்டில் விழும் அந்த ‘டணார்’ பாதி அங்கிருந்துதான் வருகிறது. கம்ப்ரசருக்கு மூடிய அறை. வாங்கும் பிரிவு புதிய இயந்திரத்துக்கு ஆர்டர் போடும்போது சத்த அளவை எழுத்தில் கேட்க வேண்டும்.

காதுக்குப் போடுவது

சத்தக் குறைப்பு 30 என்று உறையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. பஞ்சு இயர்பிளக்குக்கு அதில் பாதி, 15. நம் அளவீடு ஏ-எடையில் இருப்பதால் அதிலும் 7 கழிய வேண்டும். மிச்சம் 8. நாள் சராசரி 94 உள்ள கிரைண்டிங் ஆளுக்கு 94-லிருந்து 8 போனால் 86. இன்னும் வரம்புக்கு மேலேதான். அதனால் சிவப்புப் பகுதியில் இயர்பிளக்கும் அதன்மேல் இயர்மஃபும் கட்டாயம். இரண்டையும் கூட்டினால் இரட்டிப்பு கிடைக்காது, சுமார் 5 டெசிபல்தான் கூடும். அதுவும் வேண்டியதுதான்.

போடும் நேரம் அதைவிட முக்கியம். 30 டெசிபல் உண்மையாகவே குறைக்கும் கருவியை மணிக்கு 5 நிமிடம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைப்பது சுமார் 11 மட்டுமே. பேசுவதற்காகக் கழற்றும் வழக்கத்தை ஒழிக்க, சூப்பர்வைசர்கள் பேச வேண்டியதை மஞ்சள் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்று வகை இயர்பிளக், இரண்டு வகை இயர்மஃப் ஆளுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும்படி இலவசமாக இருக்கும். பஞ்சை மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, விரியும்வரை விரலால் பிடிக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நிற்பது வேலை செய்யாது. பயிற்சியில் இதை ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பக் கூடாது.

அடிப்படை ஆடியோமெட்ரி

நாள் சராசரி 85-ஐத் தொடும் 142 பேரும், இனி அந்தப் பிரிவுகளுக்கு வரும் ஒவ்வொருவரும் இதில் அடக்கம். புதியவருக்கு வேலை தொடங்கும் முன்பே; ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 6 மாதத்துக்குள். சோதனைக்கு முன் 14 மணி நேரம் சத்தத்தில் இருக்கக் கூடாது, இயர்போனில் உரக்கப் பாட்டுக் கேட்பதும் சேர்த்து. ஆகவே விடுமுறைக்கு மறுநாள் காலை, ஷிப்டுக்கு முன் வைக்கிறோம். அந்த நேரத்துக்கு முழுச் சம்பளம் உண்டு.

காதைப் பார்த்து அழுக்கு அடைப்போ சீழோ இருந்தால் முதலில் சிகிச்சை. இரு காதுக்கும் தனித்தனியாக 500, 1000, 2000, 3000, 4000, 6000, 8000 ஹெர்ட்ஸில் சோதனை. அறை, கருவி இரண்டுக்கும் சரிபார்ப்புச் சான்று இருக்க வேண்டும். பெயின்ட் பிரிவில் டொலுயீன், ஸ்டைரீன் புழங்குபவர்களையும் சேர்க்கிறோம்: இந்தக் கரைப்பான்கள் தனியாகவும் சத்தத்தோடு சேர்ந்தும் காதைக் கெடுக்கக்கூடியவை.

வருடாந்திரச் சோதனை

இதை வேண்டுமென்றே ஷிப்டின் பிற்பகுதியில் வைக்கிறோம். போட்ட இயர்பிளக் வேலை செய்யவில்லை என்றால் தற்காலிக மங்கல் அப்போதுதான் பிடிபடும், நிரந்தரமாவதற்கு முன்பே.

2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றிலும் காது கேட்கத் தொடங்கும் ஒலி அளவின் சராசரி ஏதாவது ஒரு காதில் அடிப்படையைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடியிருந்தால் நடவடிக்கை. உதாரணமாக, வலது காதில் அடிப்படை 10, 15, 20, சராசரி 15. இந்த வருடம் 15, 30, 35, சராசரி 26.7. மாற்றம் கிட்டத்தட்ட 12. அவர் இன்னும் எல்லாரோடும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், தனக்கு ஒன்றுமில்லை என்பார். வயதைக் காட்டி இந்த மாற்றத்தைக் கழிக்கக் கூடாது.

அப்படி வந்தால் 30 நாளுக்குள், 14 மணி நேர அமைதிக்குப் பின் மறுசோதனை. உறுதியானால் 21 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கப்படும். அவர் போடும் கருவி பொருந்துகிறதா என்று ஆளோடு உட்கார்ந்து பார்க்கப்படும். அவர் நிற்கும் இடம் மறுபடி அளக்கப்படும். ஒரே வரிசையில் இரண்டு பேருக்கு இப்படி வந்தால் பிரச்சினை அந்த வரிசையில்தான் என்று எடுத்துக்கொண்டு பராமரிப்புப் பிரிவு பதில் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்குவது, காதில் ஓயாத ரீங்காரம், தலைசுற்றல் இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அனுப்புவோம்.

முடிவைக் காரணம் காட்டி யாரையும் வேலையை விட்டு நிறுத்தவோ சம்பளத்தைக் குறைக்கவோ கூடாது. இந்த உறுதி இல்லையென்றால் ஆட்கள் கேட்காத ஒலிக்கும் பொத்தானை அழுத்துவார்கள், நமக்குக் கிடைப்பது பொய்க் கணக்கு.

பதிவுகளும் பொறுப்பும்

ஆடியோகிராம் மருத்துவப் பிரிவில் பூட்டி வைக்கப்படும். கேட்டால் அவரவர்க்கு நகல் உண்டு. பிரிவு மேலாளருக்குப் பெயரில்லாத தொகுப்பு மட்டும் போகும். பணிக்காலம் முழுதும், அதற்குப் பின் 30 வருடமும் பாதுகாக்க வேண்டும். சத்த அளவீட்டுத் தாள்களும் அதனுடனேயே.

ஒவ்வொரு ஜனவரியிலும் பாதுகாப்பு அலுவலர், ஆலை மருத்துவர், பராமரிப்புத் தலைவர், இரண்டு தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார்ந்து புதிய வரைபடத்தையும் அந்த வருட மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். செய்யாமல் விட்ட இயந்திர வேலை எது, யார் தாமதித்தது என்பது குறிப்பில் பெயரோடு வரும். இயர்பிளக் தீர்ந்துபோனால் ஸ்டோரில் கேட்டு அன்றே வாங்கலாம். ஸ்டோரில் இல்லையென்றால் அந்த ஷிப்டில் சிவப்புப் பகுதியில் யாரையும் நிறுத்தக் கூடாது.