புலி எதைப் பார்த்தது?

3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கான கதை நேரம். எட்டுப் பேர், 25 நிமிடம். படம்: ஆன்ரி ரூசோ 1891இல் வரைந்த, வெப்பமண்டலப் புயலில் ஒரு புலி.

(தரையில் 162 செ.மீ. நீளம், 130 செ.மீ. அகலத்துக்கு நாடா ஒட்டி வைத்திருக்கிறேன். அசல் ஓவியத்தின் அளவு அதுதான். படத்தை ஒரு போர்வையால் மூடியாயிற்று. புலி என்ற சொல் என் வாயிலிருந்து வரவே கூடாது. போன முறை நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அப்புறம் யாருமே படத்தைப் பார்க்கவில்லை, உறுமிக்கொண்டே இருந்தார்கள்.)

வாங்க, வாங்க. சத்தம் போடாமல் பூனை நடை நடந்து வந்து உட்காருங்கள். போர்வைக்கு அடியில் யாரோ இருக்கிறார்கள். காது கொடுத்துக் கேளுங்கள்... ஒன்றும் கேட்கவில்லையா? எனக்கும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே ஒரே சத்தம்!

மேல் மூலையை மட்டும் கொஞ்சம் திறக்கட்டுமா? வானம். என்ன நிறம்? சாம்பலா? சரி, சாம்பல். அதோ கோணல்மாணலாக வெள்ளைக் கோடு, அது என்ன? மின்னல்! மின்னல் வந்தால் அடுத்து என்ன வரும்? எல்லாரும் தொடையில் தட்டுங்கள், டம டம டம டம... நிறுத்து!

இப்போது முழுப் போர்வையையும் எடுக்கிறேன்.

(பேசக் கூடாது. பத்து வரை மனதுக்குள் எண்ண வேண்டும். இந்த அமைதி எனக்குத்தான் கஷ்டம், குழந்தைகளுக்கு இல்லை.)

யார் யாரைப் பார்த்தீர்கள்? புலியா! எங்கே? புல் மறைக்கிறதே. வயிறு எங்கே, கால் எங்கே? வாலைக் கண்டுபிடித்தவர்கள் மூக்கைத் தொடுங்கள். புலி மேல் கோடு, புல்லும் கோடு. எது புல், எது புலி?

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? யார் சொன்னது உங்களுக்கு? இலைகளா? அப்படியானால் எழுந்து நில்லுங்கள், நீங்கள்தான் இலைகள். சின்னக் காற்று, உஸ்ஸ். பெரிய காற்று! இடுப்பு வளையட்டும், கை பறக்கட்டும், கால் மட்டும் மண்ணிலேயே இருக்கட்டும். காற்று நின்றுவிட்டது. உட்காருங்கள்.

அடுத்து மழை. இதற்கு ஒரு தொலைநோக்குக் குழல் வேண்டும். கையைச் சுருட்டிக் கண்ணில் வையுங்கள். இரண்டு இரண்டு பேராகக் கிட்டே வாருங்கள். சொட்டுச் சொட்டாகவா தெரிகிறது? இல்லையே! மெல்லிய மெல்லிய கோடு. நூல் மாதிரி, சாய்வாக. புல் மேல் கோடு, புலி மேலும் கோடு. ஓவியர் முதலில் காட்டைப் போட்டார், பிறகு அதன் மேலே தூரிகையால் மழையைப் பெய்ய வைத்தார். இப்போது உங்கள் விரல்தான் தூரிகை. காற்றிலே சாய்த்துச் சாய்த்து மழை வரையுங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவர் முதுகிலும் வரையலாம், மெதுவாக.

(முதுகு மழை கிச்சுகிச்சு ஆகிவிடும். ஆகட்டும். இரண்டு நிமிடம்.)

இந்தப் படத்தை வரைந்தவர் பெயர் ஆன்ரி ரூசோ. பாரிஸ் ஊருக்குள் வரும் பொருட்களுக்கு வரி வாங்குகிற வேலை பார்த்தவர். இவர் இப்படி ஒரு காட்டுக்குப் போனதே இல்லை! ஊரில் இருந்த பெரிய தாவரத் தோட்டத்துக்குப் போவார், செடிகளைப் பார்ப்பார். படப் புத்தகங்களையும் பார்ப்பார். அப்புறம் வீட்டுக்கு வந்து தன் காட்டைத் தானே வளர்த்தார். நீங்கள் போகாத இடம் எது? அங்கே என்ன வளரும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்... நீல வாழைப்பழமா? வளரட்டும்.

இப்போது புலியின் முகம். கண் எப்படி இருக்கிறது? உருண்டையாக! வாய்? பல் தெரிகிறது. நீங்களும் அப்படி வையுங்கள் பார்க்கலாம். கோபமா, பயமா? "பயம்" என்பவர்கள் கட்டிக்கொள்ளுங்கள், "கோபம்" என்பவர்கள் நகம் காட்டுங்கள். இரண்டுமா? அப்படியானால் ஒரு கையால் கட்டிக்கொண்டு மறு கையில் நகம்.

(சரியான விடை வேண்டாம். ரூசோ இதற்கு வைத்த பெயருக்கே "திடுக்கிட்டது!" என்றுதான் பொருள். திடுக்கிட்டது புலியா, புலி பாயப்போகிற எதுவோ, அதுவா என்று நானும் பல தடவை யோசித்தாயிற்று.)

புலி எங்கே பார்க்கிறது? விரலை வைத்து அதன் கண்ணிலிருந்து ஒரு கோடு இழுங்கள்... இன்னும்... இன்னும்... அடடா, படம் முடிந்துவிட்டது! அது பார்ப்பது படத்துக்கு வெளியே இருக்கிறது.

சரி, தரையில் நாடா தெரிகிறதா? நிஜப் படம் அவ்வளவு பெரியது. நிமிர்த்தி வைத்தால் உங்களை விட உயரம். உள்ளே போகலாம். இரண்டு பேர் புல், இரண்டு பேர் மழை, ஒருவர் மின்னல், ஒருவர் புலி. மிச்சம் இரண்டு பேர் வெளியே என்னோடு. நாம்தான் புலி பார்த்தது. நாம் யார்? என் காதில் மட்டும் சொல்லுங்கள்.

உள்ளே இருப்பவர்களே, காற்று... மழை... மின்னல்... அசையாமல் நில்லுங்கள்!

இடம் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த புலி யார்?