ஐப்பசி பாதி போயிற்று, ஐயனே

(கண்மாய்க் கரை ஐயனார் கோயிலில், வீடுவீடாக அரிசி வாங்கிக் காய்ச்சிய மழைக்கஞ்சியை இறக்கிவைத்தபின் வாசிக்க. பெரியவர் ஒருவர் நிதானமாகச் சொல்லட்டும். "மழை தா ஐயா" என்பதை எல்லோரும் சேர்ந்து சொல்லவும். மைக் வேண்டாம், குரல் போதும்.)

ஐயனே, கரை காக்கிற சாமி! ஆவணியில் உழுது, புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வந்து நிற்கிறோம். ராமநாதபுரத்துச் சீமையில் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் வழக்கம், வானத்தை நம்பி விதைப்பது. ஐப்பசி பாதி போயிற்று. நெல் இன்னும் புழுதிக்குள்தான் கிடக்கிறது. எறும்பு இழுத்தது போக, குருவி பொறுக்கியது போக, மிச்சம் இருக்கிற விதைக்காவது ஈரம் காட்டு.

மழை தா ஐயா.

மடை வாயில் ஆட்டுக்குட்டி படுத்துக் கிடக்கிறது. கலுங்கில் தண்ணீர் விழும் சத்தத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. மிளகாய் நாற்றைக் குடத்துத் தண்ணீரால் பிழைக்க வைத்திருக்கிறார்கள் எங்கள் பெண்கள். விதை நெல்லுக்காக அடகுக் கடைக்குப் போன தோடுகள் எத்தனை என்று உனக்குத் தெரியும்.

மழை தா ஐயா.

ஊரில் யாரோ செய்த பாவம் என்று கொடும்பாவி கட்டி இழுத்த காலம் உண்டு. இன்று யாரையும் கைகாட்ட வரவில்லை. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது எங்கள் அசட்டைதான், அதை உன் தலையில் கட்ட மாட்டோம். போன வாரம் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி வெட்டி ஒதுக்கியிருக்கிறோம். வழி திறந்திருக்கிறது. வருகிற தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேரும்.

மழை தா ஐயா.

ஆனால் பேய்மழையாக வேண்டாம். கரை தாங்குகிற அளவுக்கு, முளை அழுகாத அளவுக்கு, விட்டுவிட்டுப் பெய்யட்டும். ஆடு மேய்க்கப் போனவர்கள் மேல் இடி விழாமல் இருக்கட்டும். பக்கத்து ஊர்க் கண்மாய்க்கும் சேர்த்தே கேட்கிறோம். அது நிரம்பி வழிந்தால்தானே நமக்கு வரும்!

மழை தா ஐயா.

2016-லும் இப்படித்தான் கேட்டோம். அந்த வருஷம் பருவம் பொய்த்தது. அதை மறந்துவிட்டு வரவில்லை, நினைத்துக்கொண்டேதான் நிற்கிறோம். இந்த வருஷம் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இன்னும் கார்த்திகை இருக்கிறது. கேட்காமல் இருக்க மனசு வரவில்லை, கேட்கிறோம்.

மழை தா ஐயா.

வந்தால் முதல் கதிரை உன் காலடியில் வைக்கிறோம். வராமல் போனால், பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிற கண்ணை எங்களுக்குக் கொடு. கடனுக்குப் பயந்து எவரும் தனியாக உட்கார்ந்து விபரீதமாக யோசிக்க விடாதே. நாங்களும் விட மாட்டோம். மாட்டுக்கு வைக்கோல் இருப்பவர் இல்லாதவருக்கு ஒரு கட்டு கொடுக்கட்டும்.

மழை தா ஐயா.

(கொஞ்ச நேரம் எல்லோரும் வானத்தைப் பார்த்துச் சும்மா நிற்கலாம். அப்புறம் கஞ்சி. முதல் அகப்பை பிள்ளைகளுக்கு.)